இருவர் கடைக்கு ஒரே கூட்டம்

வீட்டில் கேக் செய்து விற்பவர்களுக்கு அவன் விற்கும் கடை ஒன்று, மைதா, சாக்லேட், அச்சு விற்கும் கடை இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் ஒரே வகை, போட்டி இல்லை. அவன் கடைக்காரர் சேர்ந்து ஒரு வெபினார் நடத்த அழைக்கிறார். கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

முதலில், எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கு. பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். அவரிடம் 2,000 எண்கள், மற்றவரிடம் 3,000. ஆனால் 5,000 என்று எழுதக்கூடாது. இரு பட்டியலிலும் இருப்பவர்கள் 500 பேராவது இருக்கலாம். மீதி 4,500-இல் நூற்றுக்கு நான்கு பேர் பதிந்தால் 180. இலவச நிகழ்ச்சி என்பதால் அவர்களிலும் மூன்றில் ஒருவர் வந்தாலே நல்லது. ஆக, 60 பேர். இந்தச் சிறிய எண்ணைச் சொல்பவரை நம்பலாம்.

செலவு 12,000 ரூபாய் என்றால் பாதிப்பாதி. அவன்காரர் பாடம் எடுக்கிறார். மற்றவர் போஸ்டர், பதிவு, கேள்விகளைப் பார்த்துக்கொள்கிறார்.

சண்டை வருவது பெரும்பாலும் நிகழ்ச்சிக்குப் பிறகு, பதிந்தவர்களின் எண்கள் யாருக்கு என்பதில். ஆளுக்கொரு பதிவு இணைப்பு கொடுத்தால் யார் மூலம் யார் வந்தார் என்பது தெரியும். இரு கடையும் தொடர்புகொள்ளலாமா என்று பதிவுப் படிவத்திலேயே கேட்டு, சம்மதித்தவர் எண்ணை மட்டும் பகிர வேண்டும். பழைய பட்டியலை அப்படியே கைமாற்றவே கூடாது.