நீலம் தோன்றும் நொடியிலிருந்து தொடங்கும் முன்னுரை

நிறமற்ற இரண்டு கரைசல்களைக் கலந்துவிட்டுக் காத்திருந்தால், ஒரு நொடியில் கலவை முழுதும் கருநீலமாகிவிடும். இதுவே அயோடின் கடிகார வினை. இளநிலை மாணவர்கள் இதன் ஆய்வறிக்கை முன்னுரையைப் பெரும்பாலும் வேதி வினைவேகவியலின் பொது விளக்கத்தோடு தொடங்குகிறார்கள். அந்த முன்னுரை பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேறு: கடிகாரத்தில் பார்த்த நேரம் எப்படி வினைவேகமாக மாறுகிறது?

கல்லூரி ஆய்வகங்களில் பரவலாகச் செய்யப்படும் பெர்சல்பேட், அயோடைடு வினையை எடுத்துக்கொள்வோம். முதல் பத்தியில், எதை அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்: ஒவ்வொரு வினைபடுபொருளைப் பொறுத்தும் வினைவகை என்ன, வேக மாறிலி எவ்வளவு?

இரண்டாம் பத்தி இரு சமன்பாடுகளுக்கு உரியது.

S₂O₈²⁻ + 2I⁻ → 2SO₄²⁻ + I₂ (மெதுவானது)
I₂ + 2S₂O₃²⁻ → 2I⁻ + S₄O₆²⁻ (மிக விரைவானது)

முதல் வினையில் பிறக்கும் அயோடினைத் தயோசல்பேட் உடனுக்குடன் தீர்த்துவிடுகிறது. தயோசல்பேட் முழுதும் தீர்ந்த பிறகே அயோடின் தங்கி, ஸ்டார்ச்சுடன் சேர்ந்து நீலமாகிறது. ஆகவே நீலம் காட்டுவது, குறிப்பிட்ட அளவு அயோடின் உருவாகி முடிந்த நேரத்தை. வினையின் தொடக்கத்தை அது காட்டுவதில்லை.

மூன்றாம் பத்தியில் கணக்கு வரும். ஒரு மூலக்கூறு அயோடினுக்கு இரண்டு தயோசல்பேட் அயனிகள் செலவாவதால், வேகம் = [S₂O₃²⁻]₀ / 2t. கலவையில் தயோசல்பேட் 0.0010 M, நீலம் தோன்ற 50 நொடி என்றால், வேகம் நொடிக்கு 1.0 × 10⁻⁵ M. பெர்சல்பேட் 0.040 M இருந்தால், அதற்குள் செலவானது 0.0005 M மட்டுமே. நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு. செறிவு ஏறக்குறைய மாறாததால் இதைத் தொடக்க வேகமாகக் கொள்ளலாம். தயோசல்பேட்டைக் கூடுதலாகச் சேர்த்தால் இந்த வாதம் நிற்காது.

வேக விதியை எழுதும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சமன்பாட்டில் அயோடைடுக்கு முன் 2 இருப்பதால் வினைவகையும் 2 என்று எழுதிவிடுகிறார்கள். வினைவகையைச் சோதனைதான் சொல்லும்: மற்றவற்றை மாற்றாமல் அயோடைடு செறிவை இரட்டிப்பாக்கினால் நேரம் ஏறத்தாழ பாதியாகிறது, ஆகவே அது 1. முன்னுரையில் இதை m, n என்றே விட்டுவைத்து, மதிப்பை முடிவுகள் பகுதியில் காட்டுவதே முறை.

கடைசிப் பத்தி கட்டுப்பாடுகளைச் சொல்லட்டும். இங்கே இரண்டு எதிரயனிகள் மோதுவதால், கரைசலின் அயனி வலிமை கூடினாலே வினை விரைவாகிவிடும். செறிவை மாற்றும்போது பொட்டாசியம் நைட்ரேட் போன்ற உப்பைச் சேர்த்து அயனி வலிமையை நிலையாக வைப்பது இதனால்தான். வெப்பநிலையும் மாறாதிருக்க வேண்டும். குடுவை, பிப்பெட் அளவுகள் செய்முறைப் பகுதிக்கு உரியவை.

எழுதி முடித்ததும், ஆய்வகத்துக்கு வராத வகுப்புத் தோழரிடம் முன்னுரையை மட்டும் கொடுத்து, 50 நொடியிலிருந்து வேகத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால், மூன்றாம் பத்தியைத் திருத்தி எழுதுங்கள்.