சுண்டெலி முதல் மாடு வரை ஒரே கோடா?

மூன்று கிலோ எடையுள்ள சின்ன நாய்க்கு, சும்மா படுத்திருக்கும்போது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 160 கிலோகலோரி தேவை. அப்படியானால் 30 கிலோ எடையுள்ள பெரிய நாய்க்கு எவ்வளவு? எடை பத்து மடங்கு என்பதால் 1,600 என்றுதான் யாருக்கும் தோன்றும். கால்நடை மருத்துவர் போடும் கணக்கில் விடை சுமார் 900 தான் வரும். அவர் எடையைப் பத்தால் பெருக்குவதில்லை. எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி, அதை 70-ஆல் பெருக்குகிறார். இந்த 0.75 எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

பெரிய உடல் தன் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைவாகவே எரிக்கிறது என்பது நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. 1883-இல் ஜெர்மனியின் மாக்ஸ் ரூப்னர் சிறிதும் பெரிதுமான நாய்களை அளந்து பார்த்து, உடல் வெளிவிடும் வெப்பம் எடையைப் பின்பற்றுவதில்லை, தோலின் பரப்பைப் பின்பற்றுகிறது என்றார். உருவம் மாறாமல் எடை எட்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். எனவே அடுக்கு 2/3, அதாவது 0.67 ஆக இருக்க வேண்டும். கேட்பதற்கு மிகவும் நியாயமான வாதம். ஆனால் 1932-இல், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் கால்நடைத் தீவனத்தை ஆராய்ந்துகொண்டிருந்த சுவிட்சர்லாந்துக்காரர் மாக்ஸ் க்ளைபர், புறா முதல் காளை வரை கிடைத்த அளவுகளை ஒரே வரைபடத்தில் வைத்தபோது, அடுக்கு 0.74 என்று வந்தது. 0.67-க்கும் 0.75-க்கும் இடையிலான இந்தச் சிறு வித்தியாசத்தின் மேல் இன்றுவரை வாதம் நடக்கிறது.

நாமே ஒருமுறை கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். க்ளைபரின் பெயரோடு பாடநூல்களில் வரும் அட்டவணையிலிருந்து ஆறு உடல்களை எடுத்துக்கொள்கிறேன். 21 கிராம் சுண்டெலி நாளொன்றுக்கு 3.6 கிலோகலோரி எரிக்கிறது. 282 கிராம் எலி 28.1, இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான முயல் 119, 14.1 கிலோ நாய் 534, 57.2 கிலோ பெண் 1,368, 600 கிலோ மாடு 7,877. சாதாரண வரைபடத்தாளில் இவற்றைக் குறித்தால் மாடு ஒரு மூலையில் தனியாக நிற்கும். மற்ற ஐந்தும் எதிர் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெரியும். அதனால்தான் எடை, எரிப்பு இரண்டுக்குமே மடக்கை, அதாவது லாக், எடுக்கிறோம். லாக் அளவுகோலில் ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஒரே நீளம் கிடைக்கிறது. ஆறு புள்ளிகளும் சீராகப் பரவி, ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் வந்து உட்காருகின்றன.

அந்தக் கோட்டின் சாய்வுதான் நாம் தேடும் அடுக்கு. கைப்பேசியிலுள்ள கால்குலேட்டரே இதற்குப் போதும். சுண்டெலியிலிருந்து மாடு வரை எடையின் லாக் 4.46 கூடுகிறது, எரிப்பின் லாக் 3.34 கூடுகிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.75. ஆறு புள்ளிகளையும் சேர்த்து மீச்சிறு வர்க்க முறையில் பொருத்தினாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வருகிறது:

```
log10(B) = 1.83 + 0.75 × log10(M)
```

இதில் M என்பது கிலோவில் எடை. B என்பது ஒரு நாளைக்கான கிலோகலோரி. 1.83 என்பது 67-இன் லாக். அதாவது ஒரு கிலோ எடையுள்ள பாலூட்டி இருந்தால் அது 67 கிலோகலோரி எரிக்கும் என்று கோடு சொல்கிறது. எடையைக் கிராமில் எழுதினால் இந்த 67 மாறிவிடும், 0.75 மாறாது. எனவே அலகைக் குறிப்பிடாமல் முதல் எண்ணை அறிக்கையில் எழுதுவதில் பயனில்லை. 0.75-இன் பொருளைச் சொற்களில் சொன்னால், எடை பத்து மடங்காகும்போது எரிப்பு 5.6 மடங்காகிறது. இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால், சுண்டெலி தன் உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் 171 கிலோகலோரி என்ற வேகத்தில் எரிக்கிறது. மாடு 13 என்ற வேகத்தில்.

இதுவரை எல்லாம் சுகம். கல்லூரி ஆய்வக அறிக்கைகள் பெரும்பாலும் இங்கேதான் முடிகின்றன: "R² = 0.999, ஆகவே க்ளைபர் விதி உறுதியாகிறது." இந்த "ஆகவே"வை நான் ஏற்கமாட்டேன். ஏன் என்று காட்டுகிறேன்.

அதே ஆறு புள்ளிகள் வழியாக, ரூப்னர் சொன்ன 2/3 சாய்வை வலுக்கட்டாயமாகச் செலுத்திப் பாருங்கள். R² 0.987 வருகிறது. தவறான சாய்வுக்கே இத்தனை நல்ல மதிப்பெண்! காரணம், நம் உடல்களின் எடை கிட்டத்தட்ட முப்பதாயிரம் மடங்கு வீச்சில் விரிந்திருப்பதுதான். அவ்வளவு அகலமான வீச்சில், சரியான சாய்வுக்கு ஓரளவு பக்கத்திலிருக்கும் எந்தக் கோட்டுக்கும் R² உயர்ந்தே நிற்கும். உண்மை தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு, எந்தப் பக்கம் விலகுகிறது என்று பார்க்க வேண்டும். 2/3 கோடு சுண்டெலிக்கு 5.8 என்று கணிக்கிறது, உண்மை 3.6. மாட்டுக்கு 5,400 என்கிறது, உண்மை 7,877. சிறிய மூன்று உடல்களும் கோட்டுக்குக் கீழே, பெரிய மூன்றும் மேலே. விலகல்கள் இப்படி அணிவகுத்து நின்றால் சாய்வு தவறு என்று பொருள். 0.75 கோட்டில் அந்த அணிவகுப்பு இல்லை. அங்கும் முயல் பத்து சதவீதம் கீழே, நாய் பத்து சதவீதம் மேலே இருக்கின்றன; லாக் தாளில் பத்து சதவீதப் பிழை கண்ணுக்கே தெரியாது, புள்ளி கோட்டின் மேலேயே இருப்பதுபோல்தான் தோன்றும்.

அப்படியானால் 0.75 வென்றுவிட்டதா? எண்கள் எப்படி அளக்கப்பட்டன என்று கேட்காமல் அதைச் சொல்ல முடியாது. அடிப்படை வளர்சிதை மாற்ற வீதம் என்பதற்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. வளர்ந்த உயிரி, விழித்தபடி ஓய்வில், வயிறு செரித்து முடித்த நிலையில், குளிருக்காகவோ வெக்கைக்காகவோ கூடுதலாக எரிக்கத் தேவையில்லாத வெப்பநிலையில் இருக்க வேண்டும். அப்போது அது உள்ளிழுக்கும் ஆக்சிஜனை அளக்கிறோம். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 4.8 கிலோகலோரி என்பது கணக்கு.

சுண்டெலிக்கு இதமான வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸை ஒட்டியது. நமக்குச் சுகமான 22 டிகிரி அறை அதற்குக் குளிர். உடம்பின் சூட்டைக் காக்கவே அது ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை எரிக்கும். இதை அறியாமல் சுண்டெலியை 22 டிகிரியில் அளந்து, 3.6-க்குப் பதிலாக 7.2 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஆறில் ஒரு புள்ளிதான் மாறியது. கோட்டைத் திரும்பப் பொருத்தினால் சாய்வு 0.75-இலிருந்து 0.69-க்கு விழுகிறது. ரூப்னரின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். R² அப்போதும் 0.995! இதே தவறை நடுவிலிருக்கும் முயலிடம் செய்தால் சாய்வு 0.74 ஆகும், அவ்வளவுதான். ஏற்றப்பலகையின் நடுவில் உட்காருபவரைவிட நுனியில் உட்காருபவரின் கனம்தான் பலகையைச் சாய்க்கும். ஆகவே ஓர் அறிக்கையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது மிகச் சிறிய உயிரியும் மிகப் பெரிய உயிரியும் எந்த நிலையில் அளக்கப்பட்டன என்ற வரியைத்தான்.

பெரிய நுனியிலும் இதே சிக்கல் இருக்கிறது. மாடு அசைபோடும் பிராணி. தீனியை நிறுத்தி வெகுநேரமான பிறகும் அதன் இரைப்பையில் நுண்ணுயிர்கள் நொதித்துக்கொண்டே இருக்கும். "வயிறு செரித்து முடித்த நிலை" என்பது அதற்கு எளிதில் வாய்ப்பதில்லை. 2003-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் க்ரெய்க் வைட்டும் ரோஜர் சீமோரும் 619 பாலூட்டி இனங்களின் அளவுகளைத் திரட்டினார்கள். நிபந்தனைக்கு உட்படாத இத்தகைய பிராணிகளை விலக்கி, உடல் வெப்பநிலை வித்தியாசத்தையும் சரிசெய்தபோது, அடுக்கு மீண்டும் 2/3-ஐ ஒட்டியே வந்தது. மறுபக்கம், 1997-இல் ஜெஃப்ரி வெஸ்ட், ஜேம்ஸ் பிரௌன், பிரையன் என்க்விஸ்ட் மூவரும், கிளைகிளையாகப் பிரியும் ரத்தக்குழாய் வலையின் அமைப்பிலிருந்தே 3/4 வரும் என்று ஒரு கோட்பாட்டைத் தந்தார்கள். அழகான கோட்பாடுதான். ஆனால் கோடு 0.75 சாய்வில் நிற்பது அந்தக் கோட்பாட்டுக்குச் சான்று ஆகிவிடாது. எந்தக் காரணத்தால் அந்தச் சாய்வு வந்தாலும் புள்ளிகள் அதே இடத்தில்தான் விழும்.

3/4 என்ற முழுமையான பின்னம் நிலைபெற்றதில் வசதிக்கும் ஒரு பங்கு உண்டு. கால்குலேட்டர் இல்லாத காலத்தில், ஓர் எண்ணை மும்மடி ஆக்கி இருமுறை வர்க்கமூலம் எடுத்தால் 3/4 அடுக்கு கிடைத்துவிடும், 0.73-க்கு அந்தச் சுலபம் இல்லை. 1964-இல் ஸ்காட்லாந்தின் ட்ரூன் நகரில் கூடிய ஆற்றல் வளர்சிதை மாற்ற ஆய்வாளர்கள் 29-0 என்று வாக்களித்து 3/4-ஐ ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே எண்ணைப் பயன்படுத்தினால் ஒப்பிடுவது எளிது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. தீவனக் கணக்குக்கு அது போதும். இயற்கை 3/4-ஐத்தான் தேர்ந்திருக்கிறது என்பதற்கு வாக்கெடுப்பு ஆதாரமாகாது.

எனவே நம் ஆறு புள்ளி அறிக்கையின் முடிவுரையை நான் எழுதினால் இப்படி இருக்கும்: சாய்வு 0.75, 95 சதவீத நம்பக இடைவெளி 0.72 முதல் 0.78 வரை, புள்ளிகள் கோட்டிலிருந்து பத்து சதவீதம் வரை விலகுகின்றன, இந்த ஆறும் அட்டவணையிலிருந்து கையால் பொறுக்கியவை, எல்லாப் பாலூட்டிகளுக்கும் பிரதிநிதிகள் அல்ல, கோடு செல்லுபடியாவது 21 கிராமிலிருந்து 600 கிலோ வரை. கடைசி வாசகத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2010-இல் நேச்சர் இதழில் கோலோகோட்ரோனஸும் அவருடைய சக ஆய்வாளர்களும், நூற்றுக்கணக்கான பாலூட்டிகளின் புள்ளிகள் லாக் தாளிலும் நேர்கோட்டில் நிற்காமல் மெல்ல மேல்நோக்கி வளைவதைக் காட்டினார்கள். சிறிய உடல்களிடையே சாய்வு தணிவாகவும் பெரியவற்றிடையே செங்குத்தாகவும் இருக்கிறது. சிறியவற்றை நிறையச் சேர்ப்பவருக்கு 2/3-ஐ நோக்கியும், பெரியவற்றை நிறையச் சேர்ப்பவருக்கு 3/4-ஐ நோக்கியும் விடை நகர்வதற்கு இந்த வளைவு பெரும்பாலும் விளக்கம் தந்துவிடுகிறது. நம் கோட்டை யானை வரை நீட்ட வேண்டியிருந்தால், 600 கிலோவுக்கு அப்பால் அதைப் புள்ளிக்கோடாக வரைந்து, உண்மை அளவு இதற்கு மேலே இருக்கக்கூடும் என்று பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.