கலம்பகமும் அதன் பாட்டியலும்

கடலூரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் திருப்பாதிரிப்புலியூருக்கு ஒரு கலம்பகம் உண்டு. அதனை இயற்றியவர் தொல்காப்பியத் தேவர். அங்கிருந்து தெற்கே உள்ள சிதம்பரத்திற்கும் ஒரு கலம்பகம் உண்டு. அது இரட்டைப் புலவர் பாடிய தில்லைக் கலம்பகம். ஊரும் வேறு, புலவரும் வேறு. ஆயினும் இவ்விரண்டனுள் ஒன்றைக் கற்றவன் மற்றொன்றைக் கையில் எடுத்தால், அதனுள் இன்ன இன்ன பகுதிகள் வரும் என்பதை முன்னரே அறிந்துகொள்வான். புலவர் பலர் பல ஊர்களுக்குப் பாடிய நூல்கள் இவ்வாறு ஒரே வரிசையைச் சேர்ந்தவையாகத் தோன்றுவதற்குக் காரணம், அவ்வகை நூல் எப்படி அமைதல் வேண்டும் என்று எழுதிவைத்த விதிநூலே. அவ்விதிநூலுக்குப் பாட்டியல் என்று பெயர்.

பாட்டியல்கள் பல. குணவீர பண்டிதர் இயற்றிய வெண்பாப் பாட்டியல் அவற்றுள் புகழ்பெற்றது. அதனை வச்சணந்திமாலை என்றும் வழங்குவர். சிதம்பரத்தின் பெயரையே தாங்கிய சிதம்பரப் பாட்டியல் என்னும் நூலும் உண்டு. அதனைப் பரஞ்சோதியார் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றினார். பாட்டியல் செய்தவர் விதிகளைத் தம் கற்பனையிலிருந்து படைக்கவில்லை. முன்னோர் பாடிய நூல்களை ஒப்பிட்டு, எல்லாவற்றிலும் பொதுவாக நின்றதை விதியாகக் கொண்டனர். ஒரு நூலுக்கு மட்டும் உரியதைப் புலவனின் விருப்பத்திற்கு விட்டனர். எதனைக் கட்டுவது, எதனை அவிழ்த்துவிடுவது என்னும் இத்தேர்விலேதான் விதிநூல் செய்வோரின் திறமை அடங்கியுள்ளது. கலம்பகத்தைப் பொறுத்தவரை தொடக்கம், உறுப்பு, குரல், அளவு ஆகிய நான்கும் கட்டப்பட்டன.

முதலாவது தொடக்கம். நூலின் முதற்சொல் சீர், பொன், பூ, மணி போன்ற மங்கலச் சொல்லாக இருத்தல் வேண்டும். நூலின் முகப்பில் ஒருபோகு, வெண்பா, கலித்துறை என்னும் பாக்கள் முறையே வருதல் வேண்டும். கேட்போர் இம்முகப்பைக் கேட்ட அளவிலேயே, பாடப்படுவது கலம்பகம் என்பதை உணர்ந்துகொள்வர். முகப்பைக் கடந்தபின் பாட்டும் இனமும் பலவாறு கலந்து வரலாம். கலம்பகம் என்னும் பெயரே கலவை என்னும் பொருளைத் தருவது.

இரண்டாவது உறுப்பு. புயவகுப்பு, மதங்கு, அம்மானை, காலம், சம்பிரதம், கார், தவம், குறம், மறம், பாண், களி, சித்து, இரங்கல், கைக்கிளை, தூது, வண்டு, தழை, ஊசல் என உறுப்புகள் 18. கலம் என்னும் அளவு 12 மரக்கால். அதில் பாதியாகிய பகம் 6. இரண்டும் சேர்ந்து 18 ஆதலின் இப்பெயர் வந்தது என்று கூறுவாரும் உளர். இவ்வுறுப்புகள் இந்த வரிசையிலேதான் வரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. முகப்பை இறுகக் கட்டிய விதிநூல், நடுவில் புலவன் தன் விருப்பப்படி நடப்பதற்கு இடம் விட்டது.

மூன்றாவது குரல். இங்கே பாட்டியல் மரபு கையாண்ட வழி மிகவும் நுட்பமானது. இப்பகுதியில் சினம் வேண்டும், அப்பகுதியில் நகை வேண்டும் என்று சுவையை மட்டும் சொல்லி நிறுத்தினால், ஒவ்வொரு புலவனும் ஒவ்வொரு விதமாகப் பொருள்கொள்வான். ஆதலால் பேசுபவர் யார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதே உறுப்பாக வரையறுக்கப்பட்டது. மறம் என்றால், தன் மகளை மன்னனுக்குப் பெண் கேட்டு வந்த தூதனை வேடன் மறுத்துரைப்பது. சினம் அங்கே தானே வந்துவிடும். களி என்றால் கள்ளுண்டவன் பேச்சு. நகைச்சுவை வேண்டும் என்று தனியே விதிக்கவேண்டியதில்லை. இரங்கல் என்றால், தலைவனைப் பிரிந்தவள் கடற்கரையில் நின்று புலம்புவது. அதன் ஓசை தாழ்ந்தே ஒலிக்கும். பேசுபவரை நிறுத்திவிட்டால் பேச்சின் நடையும் நிலைபெற்றுவிடுகிறது.

இவ்விதியின்படி பாதிரிப்புலியூருக்குப் பாடத் தொடங்கும் ஒரு புலவனை எண்ணிப் பார்க்கலாம். இரங்கலில் பேசுபவள் யார் என்பதை அவன் தேடவேண்டியதில்லை; விதி கொடுத்துவிட்டது. ஆனால் அவள் எந்தக் கடலை நோக்கிப் பேசுகிறாள், எந்த ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கிறாள் என்பவற்றை விதி கொடுக்கவில்லை. அவற்றை அவன் கெடிலம் கடலோடு கலக்கும் கரையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தில்லைக்குப் பாடுபவன் சித்து என்னும் உறுப்புக்கு வரும்போது, இரும்பைப் பொன்னாக்குவதாகச் சொல்லும் சித்தரின் பேச்சைப் பொன்னம்பலத்தோடு பொருத்தலாம். உறுப்பு ஒன்றே, ஊர் மாறும்போது பாட்டும் மாறுகிறது.

நான்காவது அளவு. தேவர்க்கு 100, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30 எனப் பாடல்களின் தொகை வகுக்கப்பட்டது. கோயிலைப் பாடும் புலவன் நூறு பாடல்களுக்குத் திட்டமிட வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது. ஆனால் மக்களைப் பாடும்போது பிறப்பையும் பதவியையும் கொண்டு பாட்டை அளந்தது அக்காலச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வேயன்றிக் கவிதையின் தேவை அன்று. விதிநூலில் ஏறிவிட்ட ஒரு கருத்து, நல்லதாயினும் தீயதாயினும், அதனைப் பின்பற்றுவோர் வழியாக நெடுங்காலம் தொடர்ந்து செல்லும். ஆதலால் விதி எழுதுவோர் தம் காலத்துப் பழக்கத்தையும் நூலின் உண்மையான தேவையையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

இந்நான்கையும் ஒன்றாகப் பிணிப்பது அந்தாதி. ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் தொடக்கமாகும். கடைசிப் பாட்டின் இறுதி முதற்பாட்டின் தொடக்கத்தோடு சென்று சேரும். இது அழகுக்கு மட்டும் ஏற்பட்டதன்று. ஓலைச் சுவடியில் ஓர் ஏடு உதிர்ந்துபோனால் அந்தாதி அதனைக் காட்டிக்கொடுக்கும். நாற்பதாம் பாட்டு ‘மலர்’ என்று முடிந்து, அடுத்த ஏட்டில் உள்ள பாட்டு ‘கடல்’ என்று தொடங்கினால், இடையில் ஏதோ விடுபட்டது என்பது வெளிப்படை. சுவடியின் கடைசிப் பாட்டு முதற்சொல்லோடு சேராவிடில், நூலின் இறுதிப்பகுதி கிடைக்கவில்லை என்று கொள்ளலாம். விடுபட்டது என்ன என்பதை அந்தாதி சொல்லாது. விடுபட்டது என்பதை மட்டும் சொல்லும்.

விதியை நூல்களின்மேல் வைத்து அளக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இன்று கிடைக்கும் கலம்பகங்களுள் பழமையானது, ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன்மீது பாடப்பட்ட நந்திக்கலம்பகம். அரசர்க்கு 90 என்பது விதி; அந்நூலில் அதனினும் மிகுதியான பாடல்கள் காணப்படுகின்றன. மிகுந்தவை பிற்காலத்தார் சேர்த்தவை என்று கருதுவதற்கு இடம் உண்டு. ஆனால் வெண்பாப் பாட்டியல் போன்ற விதிநூல்கள் அந்நூலுக்குப் பின்னர்த் தோன்றியவை. பின் வந்த அளவுகோலைக்கொண்டு முன் வந்த நூலைக் குறைகூறுதல் முறையாகாது. பிற்காலத்தில் கலம்பகம் பாடியோரும் வலைச்சியார், இடைச்சியார், பிச்சியார் முதலிய புதிய குரல்களைச் சேர்த்துக்கொண்டனர். முகப்பும் அந்தாதியும் நிலைத்து நின்றமையால், உறுப்புகள் பெருகியபோதும் அந்நூல்கள் கலம்பகம் என்னும் பெயரை இழக்கவில்லை.