உத்தரவின் வாலில் ஒரு சிரிப்பு

"மூணாம் பக்கத்து மொத்தம் சரியா வரல. திருத்தி இன்னைக்குள்ள அனுப்புங்க." கணக்குப் பிரிவு மேலாளர் ஒருவர் தன் கீழ் வேலை பார்க்கும் இளைஞருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியம் குறை சொல்கிறது, இரண்டாவது வேலை சொல்கிறது. எழுதி முடித்ததும் கொஞ்சம் கறாராக இருக்கிறதோ என்று தோன்ற, ஒரு ஸ்மைலி சேர்க்கிறார். அதைக் கடைசியில் சேர்த்தால், "அனுப்புங்க 🙂" என்று முடிகிறது. கோபமில்லை, வேலை நடந்தால் போதும் என்ற தொனி வந்துவிடுகிறது. அதே முகத்தை "சரியா வரல 🙂" என்று முதல் வாக்கியத்தின் பின்னால் வைத்துப் பாருங்கள். 'பிடிச்சிட்டேன் பாத்தியா' என்று கண்ணைப் பார்த்துச் சிரிப்பது போல ஆகிவிடுகிறது. சொற்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஸ்மைலி என்றால் அனுப்புகிறவரின் மகிழ்ச்சி என்றுதான் பலரும் நினைக்கிறோம். அலுவலகத்தில் அது பெரும்பாலும் அப்படி இல்லை. கரியான்னே ஸ்கோவ்ஹோல்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்கள் இருவரும் அலுவலக மின்னஞ்சல்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. ஸ்மைலி அங்கே உணர்ச்சியைச் சொல்வதைவிட, முன்னால் உள்ள வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் வேலையையே செய்கிறது. நன்றிக்குப் பின்னால் வந்தால் நன்றி கூடுகிறது. வேலை சொல்லும்போதோ, மறுக்கும்போதோ, தவறைச் சுட்டும்போதோ வந்தால் சொன்னதன் கனம் குறைகிறது. ஒட்டியிருக்கும் வாக்கியம் எதுவோ அதைப் பொறுத்து, ஒரே முகம் கூட்டவும் செய்கிறது, குறைக்கவும் செய்கிறது.

உத்தரவின் கனத்தை ஏன் குறைக்க வேண்டும்? பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் மரியாதைப் பேச்சைப் பற்றி எழுதிய ஆய்வு இதற்கு விடை தருகிறது. மொழியியலில் மிகவும் பேசப்பட்ட அந்த ஆய்வுக்கு ஆதாரமான மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் மாவட்டக் கிராமத்தில் கேட்ட பேச்சு அது. ஒருவரை வேலை ஏவும்போது, தன் விருப்பப்படி இருக்கும் அவருடைய உரிமையில் கை வைக்கிறோம் என்கிறார்கள் அவர்கள். அது எவ்வளவு உறுத்தும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: இருவருக்கும் இடையே உள்ள தூரம், யார் மேலே யார் கீழே என்பது, கேட்கும் காரியத்தின் பளு. இவை கூடக்கூட, சொல்கிறவர் பேச்சை மெத்தென்று ஆக்க வேண்டியிருக்கிறது. நேரில் அதற்கு நம்மிடம் எத்தனையோ வழிகள் உண்டு. "கொஞ்சம் பாத்து அனுப்பிடுறீங்களா?" என்றால் உத்தரவே கேள்வியாகிவிடும். குரலை இறக்கலாம், தலையைச் சாய்க்கலாம். விரலால் அவசரமாகத் தட்டும் இரண்டு வரியில், அதுவும் பாதி ஆங்கிலத்தில் எழுதும்போது, இவை உதிர்ந்துவிடுகின்றன. அந்த இடத்தை நிரப்பத்தான் ஸ்மைலி வருகிறது.

காரியம் சின்னது, இருவரும் பழகியவர்கள், முடியாது என்று சொல்லவும் இடமுண்டு என்னும்போது ஸ்மைலி நன்றாகவே வேலை செய்கிறது. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் அது திரும்பிக் குத்தலாம். "நேத்தே சொன்னேனே 🙂", "மறுபடியும் ஞாபகப்படுத்துறேன் 🙂" போன்ற வரிகளைப் பாருங்கள். கோபப்படக் காரணம் இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். அப்படியிருக்கச் சிரிப்பு வந்தால், படிக்கிறவர் அதை நம்புவதில்லை. அடக்கிய கோபம் என்றே படிக்கிறார். இதைவிட மோசமாக எனக்குப் படுவது வேறொன்று. ஸ்மைலி இல்லாத கடுமையான வரிக்கு, "ஏன் சார் இப்படிச் சொல்றீங்க?" என்று கேட்க முடியும். ஸ்மைலி இருந்தால் அதுவும் முடியாது. நான் சிரிச்சிக்கிட்டேதானே சொன்னேன் என்று மேலே உள்ளவர் நழுவிவிடலாம். கேட்டவர்தான் சிடுமூஞ்சி ஆவார். அதிகாரம் உள்ளவர் கையில் ஸ்மைலி கூர்மையாவது இப்படித்தான். அடியும் விழுகிறது, முகம் சுளிக்கும் உரிமையும் போகிறது. நள்ளிரவில் வரும் "நாளைக்குக் காலைல வேணும் 🙂" என்ற செய்தியை வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல.

முகத்தின் வடிவமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. கன்னம் சிவந்து கண்ணும் சேர்ந்து சிரிக்கும் 😊 முகத்தில் இதம் தெரிகிறது. 🙂 முகத்தில் வாய் மட்டும் லேசாக வளைகிறது, கண் சிரிப்பதில்லை. சீனாவில் இளைஞர்கள் பலர் இந்த இரண்டாவது முகத்தை ஏளனமாகவோ வெறுப்பாகவோ படிக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் வயதினர் அதையே அன்பாக அனுப்புகிறார்கள். நம் ஊர் அலுவலகங்களிலும் ஐம்பது வயது மேலாளருக்கும் இருபத்துமூன்று வயது ஊழியருக்கும் நடுவில் இதே இடைவெளி இருக்க வாய்ப்புண்டு.

முன்பின் தெரியாதவருக்கு எழுதும் முதல் வேலைச் செய்தியில் ஸ்மைலியைத் தவிர்ப்பது நல்லது. எல்லா கிளிக்சனும் அவருடைய குழுவினரும் 29 நாடுகளைச் சேர்ந்த 549 பேரை வைத்துச் செய்த சோதனைகளின் முடிவை 2017-இல் வெளியிட்டார்கள். முறையான செய்தியில் ஸ்மைலி சேர்த்தவர் அதிக அன்பானவராகத் தெரியவில்லை. திறமை குறைந்தவராகத்தான் தெரிந்தார். அவருக்கு வந்த பதில்களிலும் விவரம் குறைந்திருந்தது.

மேலாளர்கள் கவனிக்கத் தவறும் இன்னொரு விளைவும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஸ்மைலி பிறந்த கதைக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினி வழியாக எல்லோரும் படிக்கும் செய்திப் பலகையில், அறுந்து விழும் மின்தூக்கிக்குள் பாதரசத் துளி என்ன ஆகும் என்று பேச்சு நடந்தது. மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது என்று ஒருவர் வேடிக்கையாக எழுத, சிலர் அதை நிஜ எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிவியலாளர் ஒரு வழி சொன்னார்: விளையாட்டுக்கு எழுதியதைக் காட்ட :-) போடுவோம். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லவே பிறந்த குறி அது.

அந்தக் குணம் இன்னும் போகவில்லை. உத்தரவோடு ஒட்டும்போது, காலக்கெடுவையும் அது சேர்த்துத் தளர்த்துகிறது. "இன்னைக்குள்ள அனுப்புங்க 🙂" என்பதை நம் கணக்குப் பிரிவு இளைஞர், முடிந்தால் இன்று, இல்லையென்றால் நாளை காலை என்று படித்தால் அது அவர் குற்றமில்லை. மேலாளர் பத்து மணிக்கு அறிக்கை எங்கே என்று கேட்கும்போதுதான் இருவரும் ஒரே வரியை இரண்டு விதமாகப் படித்தது வெளியே வரும்.

அனுப்புமுன் ஸ்மைலியை விரலால் மறைத்துக்கொண்டு வரியைப் படித்துப் பார்க்கலாம். அப்போது குத்தினால், ஸ்மைலி அதை ஆற்றப்போவதில்லை. வரியைத்தான் மாற்ற வேண்டும். மேலாளரின் செய்தியை நான் இப்படி மாற்றுவேன்: "மூணாம் பக்கத்துல ஜிஎஸ்டி வரி ரெண்டு தடவை கூட்டியிருக்கு, அதான் மொத்தம் இடிக்குது. ஆடிட்டர் நாளைக்குக் காலைல கேப்பார், அதனால ஏழு மணிக்குள்ள வேணும். முடியலன்னா இப்பவே சொல்லுங்க, நான் பாத்துக்கறேன். மத்த பக்கமெல்லாம் சுத்தமா இருக்கு, தேங்க்ஸ் 😊"