லாபத்துக்குப் பின்னால் மூன்று எண்கள்

பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்த ஒரு பங்கு வர்த்தக முறை, 1 லட்சம் ரூபாயை 1,30,000 ஆக்கியது என்று வைத்துக்கொள்வோம். 100 வர்த்தகங்களில் 40 வென்றன. சராசரி லாபம் 3,000. தோற்ற 60-இல் சராசரி நஷ்டம் 1,500. மொத்த லாபம் 1,20,000-ஐ மொத்த நஷ்டம் 90,000-ஆல் வகுத்தால் 1.33, இதுதான் பிராஃபிட் ஃபேக்டர். ஒரு வர்த்தகத்துக்குச் சராசரியாக மிஞ்சும் 300 ரூபாய்தான் எக்ஸ்பெக்டன்சி. கணக்கில் சேர்க்காத தரகும் வரியும் அந்த 300-ஐத் தின்றுவிடலாம்.

நான் முதலில் பார்ப்பது டிராடவுனை. இடையில் கணக்கு 1,40,000-ஐத் தொட்டு 91,000-க்கு இறங்கியிருந்தால் சரிவு 35 சதவீதம். பழைய உச்சத்தை எட்ட ஏறத்தாழ 54 சதவீதம் ஏற வேண்டும். சொந்தப் பணம் அப்படிக் கரையும்போது பலர் பாதியிலேயே விலகிவிடுவார்கள். கடைசி 30,000 அவர்கள் கைக்கு வராது.