நெற்றியில் வைப்பது மஞ்சளா, சாயமா?

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு வாங்கினால் தேங்காய், பூவோடு ஒரு சின்னப் பொட்டலம் குங்குமமும் வரும். பெரியநாயகி அம்மனுக்கு அர்ச்சனை ஆனதும் அதே குங்குமம் நம்ம நெற்றிக்கு வந்துவிடுகிறது. அந்தப் பொட்டலத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பல பொட்டலங்களில் 'பூஜைக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். தோலில் பூசுகிற பொருள் என்றால் அழகுசாதனப் பொருளுக்கான சட்டம் வந்துவிடும். உரிம எண், சேர்மானப் பட்டியல் எல்லாம் போட்டாக வேண்டும். பூஜைப் பொருள் என்று சொல்லிவிட்டால் அதெல்லாம் வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் நெற்றியில் அரிப்பு, கருமை, தடிப்பு வருவது நமக்குத்தானே?

குங்குமம் என்பது மஞ்சள்தான். வேறு எந்தச் சிவப்பும் அதில் சேர வேண்டியதில்லை. ஒரு கிலோ உருண்டை மஞ்சளை உடைத்துக்கொள்ள வேண்டும். சுமார் அரை லிட்டர் எலுமிச்சைச் சாற்றில் 100 கிராம் வெங்காரமும், அதைவிடக் குறைவாகப் படிகாரமும் பொடித்துக் கரைத்து, அதில் மஞ்சளைப் போட்டுக் கிளற வேண்டும். அளவு கைக்குக் கை கொஞ்சம் மாறும். இரும்புப் பாத்திரம் ஆகாது, நிறம் கறுத்துவிடும். மண்சட்டியோ பீங்கானோ நல்லது. காலையும் மாலையும் கிளறிவிட்டால் இரண்டு மூன்று நாளில் சாறு முழுவதையும் மஞ்சள் குடித்துவிடும். பிறகு நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்து, ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுப் பிசறினால் குங்குமம். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் புளிப்பின் துணையோடு வெங்காரத்துடன் சேரும்போது சிவக்கிறது, அவ்வளவுதான். சுண்ணாம்பு போட்டும் சிவக்க வைக்கலாம், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்தச் சிவப்பு நாள்பட மங்கிவிடும்.

இதிலேயே விவசாயிக்குத் தெரிந்த முதல் சோதனை இருக்கிறது. ஒரு கிலோ குங்குமத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ மஞ்சள் போகிறது. அதற்கு மேல் இருபது, இருபத்தைந்து எலுமிச்சம்பழம், வெங்காரம், இடிக்கிற கூலி. மஞ்சள் விற்கிற விலைக்கே, அல்லது அதற்கும் கீழே, ஒருவர் குங்குமம் விற்கிறார் என்றால் அதில் இருப்பது மஞ்சள் அல்ல. மாவோ சுண்ணாம்புக்கல் பொடியோ அடியில் இருக்கும், மேலே சாயம் ஏறியிருக்கும்.

வீட்டில் பார்க்க இரண்டு தட்டு போதும். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை குங்குமத்தை வையுங்கள். முதல் தட்டில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். இரண்டாவதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரை விடுங்கள். எலுமிச்சையில் மஞ்சளாகத் திரும்பினால் அது சுண்ணாம்பில் சிவந்த மஞ்சள் குங்குமம். எலுமிச்சையில் சிவப்பாகவே நின்று, சுண்ணாம்பு நீரில் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ மாறினால் அது வெங்காரத்தில் சிவந்தது. இரண்டு தட்டிலும் நிறம் அசையாமல் அதே சிவப்பாக இருந்தால் அது சாயம் என்று சந்தேகப்படலாம். எலுமிச்சையை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு 'மஞ்சளாகவில்லை, இது போலி' என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் நல்ல வெங்காரக் குங்குமம் செய்கிறவர் தலையில்தான் பழி விழும்.

இன்னும் ஒன்று, கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் குழைத்து அப்படியே வைத்துவிடுங்கள். குங்குமம் அடியில் தங்கியதும் மேலே நிற்கிற எண்ணெயைப் பாருங்கள். மஞ்சள் குங்குமம் என்றால் எண்ணெய் மஞ்சளாகவோ காவியாகவோ இருக்கும். நல்ல சிவப்பாக இருந்தால் எண்ணெயில் கரைகிற சாயம் கலந்திருக்கிறது. குங்குமத்தால் வந்த தோல் ஒவ்வாமையை ஆராய்ந்த மருத்துவர்கள் சூடான் 1, பிரில்லியன்ட் லேக் ரெட் ஆர் ஆகிய சாயங்களைக் குற்றவாளிகளாகக் கண்டிருக்கிறார்கள். பொட்டலத்தில் சேர்மானம் அச்சடித்திருந்தால் 'சி.ஐ.' என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். அது நிறமிகளுக்கான எண். 12055 என்றால் சூடான் 1. 15800 என்றால் பிரில்லியன்ட் லேக் ரெட் ஆர். சி.ஐ. எண் உள்ள எல்லாமே தடை செய்யப்பட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் 'சுத்தமான மஞ்சள் குங்குமம்' என்று மேலே எழுதிவிட்டு உள்ளே செயற்கைச் சிவப்பின் எண் இருந்தால், அந்த ஆளை நம்ப வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகளால் பிடிக்க முடியாத ஒன்று ஈயம். மஞ்சளோடு கலந்திருந்தால் நிறம் மாறும், ஈயமும் உள்ளேயே இருக்கும். ஆய்வகம்தான் சொல்ல முடியும். வடக்கே வகிட்டில் வைக்கிற சிந்தூரத்தை அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். நியூஜெர்சியிலும் மும்பை, டெல்லியிலும் வாங்கிய 118 மாதிரிகளில் நூற்றுக்கு எண்பது அளவுக்கு ஈயம் தென்பட்டது. கை வாய்க்குப் போகிற குழந்தைகள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை. பண்ணை வீட்டில் செய்த குங்குமமானாலும் வெங்காரம் இருப்பதால் வாயில் போகக்கூடாது. கைக்குழந்தைக்கு வைக்கவும் வேண்டாம். அவர்களுக்கு ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர்விட்டுக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைக்கிற பழைய சாந்தே போதும்.

அதனால்தான் யாரிடம் வாங்குகிறோம் என்பது முக்கியமாகிறது. முத்திரையைவிட மூன்று கேள்விகளை நம்பலாம். மஞ்சள் எந்த ஊரில், யாரிடம் வாங்கினீங்க? எதில் சிவக்க வச்சீங்க? மஞ்சள் ஊறிக்கிட்டிருக்கும்போது வந்து பார்க்கலாமா? உண்மையாகச் செய்கிறவர் மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்வார். அவர் குங்குமம் கொஞ்சம் மந்தமான செங்கல் சிவப்பாக இருக்கும், முறைக்கு முறை நிறம் சற்று மாறும். வருஷம் முழுக்க ஒரே பளபளப்பு என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். கடையில் வாங்கினால் தயாரிப்பாளர் முழு முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்மானம் நான்கும் இருக்க வேண்டும். புதுக் குங்குமத்தை முதலில் முழங்கை மடிப்பில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு நெற்றிக்குப் போங்கள். மஞ்சளே ஒத்துக்கொள்ளாத தோலும் சிலருக்கு உண்டு.

ஸ்டிக்கர் பொட்டில் நிறத்தைவிட பின்னால் உள்ள பசைதான் ஆபத்து. சில பசைகளில் பி.டி.பி.பி. என்று சுருக்கிச் சொல்கிற பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கிறது. அது தோலுக்கு நிறம் தரும் செல்களையே கொல்லும். முதலில் பொட்டு இருந்த இடத்தில் அரிப்பு, சிவப்பு. அப்புறம் அதே வட்டத்தில் வெளுப்பு. சிலருக்கு அரிப்பே இல்லாமல் நேராக வெளுக்கும். அட்டையில் பசையின் சேர்மானம் போடுவது அபூர்வம் என்பதால் பார்த்து வாங்க வழியில்லை. இரவில் எடுத்துவிடுவது தொடர்பு நேரத்தைக் குறைக்கும், ஆபத்தை நீக்காது. வெளுப்பு தெரிந்த அன்றே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். வேறு கம்பெனி ஸ்டிக்கருக்கு மாறுவது தீர்வு இல்லை. பொட்டு ஒட்டி நிற்க வேண்டுமென்றால் தேன்மெழுகைத் துளி நல்லெண்ணெயோடு உருக்கி வைத்துக்கொண்டு, அதைத் தடவி அதன்மேல் குங்குமம் வைக்கலாம்.

சந்தனத்துக்குச் சுருக்கமான வழி, கட்டையை வாங்கிக் கல்லில் இழைப்பது. உண்மையான சந்தனக் குழம்பு வெளிறிய தவிட்டு நிறம்தான். பளிச்சென்ற மஞ்சளாக வருகிற பொடியில் ஏதோ மரத்தூள், வாசனை எண்ணெய், நிறம் மூன்றும் சேர்ந்திருக்கும். ஒரு டம்ளர் தண்ணீரில் தூவினால் சந்தனத்தூள் கொஞ்சம் மிதந்து மெல்ல அடியில் இறங்கும், தண்ணீர் பெரிதாக நிறம் மாறாது. கலக்காமலே மஞ்சள் இழை இழையாக இறங்கினால் சாயம். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு விட்டுச் சிவந்தால் மட்டும், நிறத்துக்காக மஞ்சள் சேர்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.