உடையாமல் வந்த கல்சட்டி: நன்றியை எப்படி எழுதலாம்?

'பேக்கிங் சூப்பர், நன்றி.' ஆன்லைன் கடைகளில் இப்படி எழுதிய விமர்சனங்கள் ஏராளம். விற்றவருக்கு அது மகிழ்ச்சிதான். ஆனால் அதே பொருளை நம்பி வாங்கலாமா என்று தயங்கி நிற்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியவராது. எதை, எப்படிக் கட்டினார்கள், பிரித்ததும் எதைச் சோதித்தீர்கள் என்று இரண்டு வரி சேர்த்தால் அந்த நன்றி அவருக்கும் உதவும். கல்சட்டியை வைத்தே பார்ப்போம். கூரியரில் வரவழைக்க எல்லோரும் பயப்படும் பாத்திரம் அதுதான்.

கல்சட்டி மாக்கல்லில் குடைந்து செய்வது. மாக்கல் மென்மையானது, கத்தி பட்டாலே கீறல் விழும். ஆனால் கீழே விழுந்தால் உலோகம்போல நசுங்கிக்கொடுக்காது, விரிந்துவிடும். போதாக்குறைக்குக் கனம் வேறு. வண்டியிலிருந்து பெட்டியைப் போடும்போது சட்டியின் எடையே அதற்கு எதிரியாகிறது. முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் விளிம்பு.

இது தெரிந்த விற்பனையாளர் சட்டியின் உட்புறத்தை வெறுமையாக விடமாட்டார். காகிதத்தைக் கசக்கி இறுக்கமாகத் திணிப்பார். பக்கவாட்டில் அடி விழுந்தால் சுவருக்கு உள்ளிருந்து ஒரு தாங்கல் கிடைக்கும். விளிம்பைச் சுற்றித் தனியாக அட்டைப் பட்டை, அதன் மேல் பல சுற்று பபுள் ராப். பிறகு ஒரு பெட்டி, அதற்கு வெளியே இன்னொரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் நிரப்பிய காகிதம். வெளியில் விழும் அடி அந்த இடைவெளியிலேயே அடங்கிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். சிலர் தெர்மாகோல் துணுக்குகளைக் கொட்டி அனுப்புவார்கள். இலேசான பொருளுக்கு அது சரி. கனமான சட்டி வழிநெடுகக் குலுங்கும்போது துணுக்குகளை ஒதுக்கிக்கொண்டு கீழே இறங்கி, கடைசியில் பெட்டியின் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

பார்சல் கைக்கு வந்ததும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரக் கூடாது. ஒட்டிய டேப்பைப் பிரிப்பதற்கு முன்பிருந்தே, நடுவில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது. உடைந்த பொருளுக்கு மாற்றுக் கேட்டால் பல விற்பனையாளர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

சட்டி முழுசாகத் தெரிந்தாலும் மயிரிழை விரிசல் இருக்கலாம். விரல் மூட்டால் தட்டினால் நல்ல சட்டி கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். காது ஏமாறலாம் என்பதால், தண்ணீர் நிரப்பி ஒரு செய்தித்தாளின் மேல் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் தாளில் ஈரம் இருந்தால் அதைப் படமெடுத்து உடனே தெரிவியுங்கள். உளி பட்ட தடத்தை விரிசல் என்று நினைத்துவிட வேண்டாம். தடம் மேலோட்டமான பள்ளம், தண்ணீர் கசியாது.

இவ்வளவும் பார்த்த பிறகு எழுதும் விமர்சனம் இப்படி அமையலாம்:

"10 அங்குலக் கல்சட்டி, சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்தது. உள்ளே காகிதம் திணித்து, விளிம்புக்குத் தனி அட்டை சுற்றி, இரண்டு பெட்டிகளில் வைத்திருந்தார்கள். வெளிப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது, உள்பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவெல்லாம் தண்ணீர் வைத்துப் பார்த்தேன், கசிவு இல்லை. அடியில் சிறு உளித்தடம் உண்டு. இன்னும் பழக்கவில்லை, சமைத்த பிறகு எழுதுகிறேன். கவனமாகக் கட்டி அனுப்பியவருக்கு நன்றி."

இதில் எனக்கு மிகவும் பிடித்தது நசுங்கிய மூலை. அதைக் குறையாக நினைத்து விட்டுவிடத் தோன்றும். ஆனால் வழியில் அடி விழுந்தும் சட்டி தப்பியது என்பதற்கு அதுதான் சாட்சி. படம் போடுவதாக இருந்தால் பளபளக்கும் சட்டியை மட்டும் போடாமல், பாதி பிரித்த பெட்டியையும் போடுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும், அதை மறைத்துவிடுங்கள்.

பேக்கிங் நன்றாக இருந்தது என்பதற்காகச் சட்டியும் நல்லது என்று அன்றைக்கே சொல்லிவிட முடியாது. வடிகஞ்சி ஊற்றி வைத்து, எண்ணெய் தடவி, சிறு தீயில் பழக்க வேண்டும். எடுத்த எடுப்பில் பெருந்தீயில் வைத்தால் நல்ல சட்டியும் விரிசல் விடும். அந்தப் பழி விற்றவர்மேல் விழக் கூடாது. பழக்கி, வத்தக்குழம்பு வைத்துப் பார்த்துவிட்டு, பழைய விமர்சனத்தின் கீழேயே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்து வாங்குபவர் அந்த இரண்டு வரியைத்தான் தேடுவார்.